மடித்த சட்டைக்கை ஒட்டவைத்ததுபோல் தெரிகிறது, வழி சொல்லுங்கள்

அண்ணனின் படம் ஒன்றில் முழுக்கைச் சட்டையை முழங்கைக்குச் சற்றுக் கீழே மடித்துவிட்டதுபோல் மாற்ற முயல்கிறேன். சட்டையில் நீளவாக்கில் மெல்லிய கோடுகள். ஒளி இடப்பக்கம் இருந்து வருகிறது.

முன்னங்கையை அதே நாளில், அதே வெளிச்சத்தில் எடுத்த அவருடைய வேறொரு படத்திலிருந்து எடுத்தேன். முதலில் சட்டைக்கையின் அகலத்துக்கே கையைப் பொருத்திவிட்டதால் தடித்துத் தெரிந்தது. துணிக்குள் கை எப்போதும் சிறிது ஒல்லியாகத்தான் இருக்கும் என்பது பிறகே உறைத்தது. இப்போது அது சரியாகிவிட்டது.

மடிப்புதான் என்னை வாட்டுகிறது. மணிக்கட்டுப் பட்டியை நகலெடுத்து, கையைச் சுற்றி வளைவதற்காக Warp கொண்டு விளிம்பை வளைத்தேன். இடவலமாகத் திருப்பியதில் நிழலும் திசை மாறிப்போனது. அதைக் கண்டுபிடித்து Curves மூலம் திருத்தினேன். ஆனாலும் மடிப்பு கையைத் தழுவவில்லை, காகிதத் துண்டை ஒட்டியதுபோல் நிற்கிறது. அதன் கீழே Multiply அடுக்கில் ஒரே அகலத்தில் மென்மையான நிழல் கொடுத்திருக்கிறேன். துணி தோலைத் தொடும் இடத்தில் நிழல் ஒடுங்கிக் கருமையாகவும், விலகி நிற்கும் இடத்தில் அகன்று மங்கலாகவும் இருக்க வேண்டுமோ? அப்படியானால் அதை ஒரே அடுக்கில் தீட்டுவீர்களா, இரண்டாகப் பிரிப்பீர்களா?

இன்னொன்று: மடிப்புக்கு மேலே துணி திரண்டு புடைக்க வேண்டும். என் படத்தில் பழைய நீண்ட சுருக்கங்களே கிடக்கின்றன. அவற்றை அழித்துப் புதிதாக வரைவதா, அல்லது அண்ணனை அதே சட்டையை மடித்துவிடச் சொல்லி, அதே கோணத்தில் படமெடுத்து அந்தப் பகுதியைப் பொருத்துவதா? செய்து பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.