நம் எம்.டி. பெயருக்கு 'சார்' வேண்டாமா? ஜப்பானிய வாடிக்கையாளருக்கு எழுதும் மின்னஞ்சல்

ஒரகடம் வாசி: ஜப்பானிய கார் நிறுவனம் ஒன்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கிறோம். அவர்களுடைய கொள்முதல் பிரிவுத் தலைவருக்கு ஆங்கிலத்தில் எழுதினேன்: "எங்கள் மதிப்பிற்குரிய எம்.டி. குமார் சார் 12ஆம் தேதி தங்களைச் சந்திக்க வருகை தருகிறார்." எங்கள் மொழிபெயர்ப்பாளர் 'மதிப்பிற்குரிய', 'சார்' இரண்டையும் அடித்துவிட்டார். எம்.டி.க்கும் நகல் போகிறது. மொட்டையாகப் பெயர் போடலாமா?

மூர்த்தி: கூடவே கூடாது. சம்பளம் கொடுப்பவர் எம்.டி. அதோடு எழுதுவது ஆங்கிலம். ஜப்பானிய மரபு அதில் எதற்கு? இந்தியர்களோடு பழகிய எந்த ஜப்பானியரும் 'சார்' என்பதற்குக் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

யோகோஹாமா தமிழச்சி: கோபிக்க மாட்டார், அது உண்மைதான். ஆனால் அங்கே வெளியாரிடம் பேசும்போது நம் நிறுவனத்தார் எல்லோரும், தலைவர் உட்பட, ஒரே வீட்டார். வாடிக்கையாளர் முன் வீட்டாரை உயர்த்தினால் அவரைத் தாழ்த்தியதாக ஆகும். மேலாளர் சுஸுகி என்பவரைக் கேட்டு வெளியிலிருந்து தொலைபேசி வந்தால், நேற்றுச் சேர்ந்த ஊழியரும் "சுஸுகி இடத்தில் இல்லை" என்றுதான் சொல்வார். அழைப்பது சுஸுகியின் மனைவி என்றால் மட்டும் மரியாதைச் சொல் திரும்பி வந்துவிடும். அவர்தானே அந்த மனிதருக்கு நெருங்கியவர்!

பதவியை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். 'புச்சோ' என்றால் பிரிவுத் தலைவர். 'சுஸுகி புச்சோ' என்று பெயருக்குப் பின் பதவி வந்தால் அதுவே மரியாதை. 'புச்சோ நோ சுஸுகி' என்று முன்னால் வந்தால் வெறும் தகவல். ஆகவே "எங்கள் நிர்வாக இயக்குநர் குமார் 12ஆம் தேதி தங்களைச் சந்திக்க வருகிறார், தங்களுக்கு வசதிப்படுமா?" என்று எழுதுங்கள். பணிவு எல்லாம் அந்தக் கேள்வியில் இருக்கட்டும். 'சான்' என்ற மரியாதைச் சொல் வாடிக்கையாளர் பெயருக்கு மட்டும்.

பூசான் செல்வம்: பிரிவுத் தலைவரை எப்படி அழைப்பது என்றால், பதவியோடு 'நிம்' என்ற மரியாதை விகுதியைச் சேர்த்துவிடுங்கள். நான் பத்திரமாகப் பிழைப்பது அதனால்தான்.

யோகோஹாமா தமிழச்சி: செல்வம், அது கொரியா, அவர் கேட்டது தம் எம்.டி.யைப் பற்றி. கொரியாவில் சொந்த மேலாளரை வெளியாரிடமும் உயர்த்திச் சொல்பவர்கள் நிறையவே உண்டு. அந்தப் பழக்கத்தோடு ஜப்பானுக்கு எழுதினால் இதே சிக்கல்தான்.

மூர்த்தி: விளக்கம் புரிகிறது. ஆனால் நகலைப் படிக்கப்போவது எம்.டி. அவருக்கு இந்த வீட்டார் கணக்கு தெரியுமா?

யோகோஹாமா தமிழச்சி: அனுப்பும் முன் அவரிடம் வரைவைக் காட்டிக் காரணத்தைச் சொல்லிவிடலாமே. உள் மடல்களில் வழக்கம்போல 'சார்' போடட்டும்.

மூர்த்தி: எங்கள் எம்.டி.யிடம் போய் "உங்கள் பெயரிலிருந்து சாரை எடுக்கிறேன்" என்று ஓர் இளநிலை ஊழியர் சொல்வதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதை மொழிபெயர்ப்பாளர்தான் சொல்ல வேண்டும்.

ஒரகடம் வாசி: அவரையே அழைத்துக்கொண்டு நாளைக் காலை போகிறேன். பதவியை முன்னால் வைத்து வரைவை மாற்றிவிட்டேன். எம்.டி. ஒப்புவாரா என்பது போனால்தான் தெரியும்.