தீர்த்தவாரிப் படங்கள்: புகைப்படக்காரருக்கு எழுதும் கடிதத்தில் உதவி வேண்டும்

வணக்கம். கடலூரில் ஒரு சிறிய கோயிலின் விழாக்குழுச் செயலாளர் நான். மாசி மகத்தன்று சுவாமி தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு எழுந்தருள்வார். சென்ற ஆண்டுப் படங்களில் கடல் பளிச்சென்று இருக்கிறது. குடை நிழலில் சுவாமியின் முகம் கருத்துவிட்டது. பல்லக்கு அசைந்ததில் நகைகளும் கலங்கிவிட்டன. பதிவேட்டில் ஒட்ட வேண்டிய படங்கள், மனம் வலித்தது.

இம்முறை இப்படி எழுதியிருக்கிறேன்:

"ஐயா, காலையில் சூரியன் கடல் பக்கம் இருக்கும். கடலுக்கு முதுகு காட்டி நின்று, சுவாமி கடலை நோக்கும்போது எடுங்கள். ஒளியளவை வானத்தில் பார்க்காமல் முகத்தில் பாருங்கள். பல்லக்கு நகரும்போது ஷட்டர் வேகம் 1/250 நொடியாவது இருக்கட்டும்."

குடை நிழலுக்கு, இருவர் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்து வெயிலை முகத்தில் திருப்பினால் போதுமா? நேரடி ஃபிளாஷ் வெள்ளிக் கவசத்தில் வெண்புள்ளியாகத் தெறிக்கிறது. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள், அதையும் கடிதத்தில் சேர்த்துவிடுகிறேன்.