இரட்டிப்பாகும் அரே: ஒரு சேர்ப்புக்கு 2 காசா, 3 காசா?

செமஸ்டர்_பூனை:
அல்காரிதம்ஸ் தேர்வில் 10 மார்க் கேள்வி. நிரம்பும்போதெல்லாம் கெபாசிட்டியை இரட்டிப்பாக்கும் டைனமிக் அரேயில், ஒரு சேர்ப்புக்கு அமார்டைஸ்டு செலவு O(1) என்று காட்டணும். "பெரும்பாலான சேர்ப்புக்கு 1 தான் செலவு, எப்போதாவதுதான் காப்பி நடக்கும், ஆகவே சராசரியாக O(1)" என்று எழுதினேன். 3 மார்க்தான் விழுந்தது. விடை சரிதானே, மீதி 7 எங்கே போச்சு?

கடைசி_பெஞ்ச்:
"எப்போதாவது"ன்னா எவ்வளவுன்னு கணக்கே காட்டலையே தம்பி. காசு முறையில் போட்டிருந்தா நாலு வரியில் முடிஞ்சிருக்கும். ஒவ்வொரு சேர்ப்புக்கும் 2 காசு வசூல் பண்ணு. ஒரு காசு இப்போ எழுதுறதுக்கு, இன்னொண்ணு பின்னாடி அந்த உறுப்பை நகர்த்துறதுக்கு. கதை முடிஞ்சது.

வரிசைக்காரர்:
முறை சரி, தொகை தப்பு. 2 காசு பத்தாது.

கெபாசிட்டி 4 நிரம்பி 8 ஆன இடத்திலிருந்து பாருங்கள். பழைய 4 உறுப்புகளும் தங்கள் காசை இந்த நகர்த்தலிலேயே செலவழித்துவிட்டன, கையில் ஒன்றும் இல்லை. 5, 6, 7, 8 ஆகிய நான்கும் ஆளுக்கு ஒரு காசு சேமிக்கின்றன, ஆக மொத்தம் 4. ஒன்பதாவது உறுப்பு வந்ததும் நகர்த்த வேண்டியவை 8. பாதிக்குப் பாதி துண்டு விழுகிறது.

ஆளுக்கு 3 வசூலித்தால் எழுத 1 போக 2 மிஞ்சும். நான்கு பேரிடமும் சேர்த்து 8 காசு, தேவையும் 8. ஒரு காசு தன்னை நகர்த்த, இன்னொன்று ஏற்கெனவே காசைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பழைய உறுப்பை நகர்த்த. அந்த மூன்றாவது காசு எதற்கு என்று எழுதுவதுதான் இந்த விடையின் உயிர்.

கடைசி_பெஞ்ச்:
சரிண்ணா, 2 இல்ல 3. ரெண்டும் O(1) தானே? கான்ஸ்டன்டுக்கெல்லாமா மார்க் குறைப்பாங்க?

வரிசைக்காரர்:
கான்ஸ்டன்ட் பெரிதாகிப் போனதல்ல சிக்கல். உறுப்பு ஒரே ஒரு தடவைதான் நகரும் என்று உங்கள் விளக்கம் நம்புகிறது. அந்த நம்பிக்கையை வைத்துப் பொய்யைக்கூட நிரூபிக்கலாம்.

இரட்டிப்புக்குப் பதிலாக, நிரம்பும்போது 10 இடம் மட்டும் கூட்டுகிற அரே ஒன்றை எடுங்கள். அதிலும் பத்தில் ஒன்பது சேர்ப்புக்குச் செலவு 1 தான். பூனை எழுதிய வாக்கியம் இதற்கும் ஒரு எழுத்து மாறாமல் பொருந்தும். 10 இடத்தில் தொடங்கி 1000 உறுப்பு சேருங்கள். காப்பி 10 + 20 + … + 990, அதாவது 49,500. முதல் உறுப்பு மட்டும் 99 தடவை இடம் பெயர்ந்திருக்கும். 1 இடத்தில் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போனால் அதே 1000-க்குக் காப்பி 1 + 2 + 4 + … + 512 = 1,023.

காப்பி எத்தனை சேர்ப்புக்கு ஒரு முறை வருகிறது என்று மட்டும் பார்த்தால் போதாது, ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியது என்பதையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். பூனை இழந்த மார்க் அங்கேதான் போயிருக்கும். n சேர்ப்பில் கடைசிக் காப்பியின் அளவு n-ஐவிடக் குறைவு, அதற்கு முந்தையது அதில் பாதி, அதற்கு முந்தையது கால். எல்லாம் சேர்ந்து 2n-ஐத் தாண்டாது. எழுதும் செலவு n. ஆக 3n-க்குள். இந்த மூன்று வரியே போதும், காசுகூட வேண்டாம்.

ஜாவா_மணி:
இதெல்லாம் பேப்பரில் மட்டும். எங்கள் சர்வீஸில் லட்சக்கணக்கில் உறுப்பு இருக்கும் லிஸ்ட் வளரும்போது அந்த ஒரு ரிக்வெஸ்ட் மட்டும் தெரியும்படி தாமதமாகும். அதை O(1) என்று சொன்னால் யார் நம்புவார்? அதோடு ஜாவாவின் ArrayList இரட்டிக்காது, ஒன்றரை மடங்குதான் வளரும். உங்கள் 3 அங்கேயே அடிபட்டுப் போச்சு.

வரிசைக்காரர்:
கேள்வி கேட்டது மொத்தச் செலவை, மணி. தனி ஒரு சேர்ப்பு O(n) ஆகலாம் என்பதை யாரும் மறுக்கவில்லை. விடையில் அதையும் ஒரு வரி எழுதுவது நல்லது. உங்களுக்கு அந்த ஒரு ரிக்வெஸ்ட்தான் முக்கியம் என்றால் அமார்டைஸ்டு கணக்கு உங்களுக்கு உதவாது. முன்கூட்டியே `ensureCapacity` கொடுத்துவிடுங்கள்.

ஒன்றரை மடங்குக்கும் இதே கணக்குத்தான். m இடம் 1.5m ஆனபின் புதிதாக வருபவை 0.5m. அடுத்த முறை நகர வேண்டியவை 1.5m. ஆக ஒவ்வொரு புது உறுப்பும் 3 காசு சேமிக்க வேண்டும், எழுத 1 சேர்த்து 4. இடம் வீணாவது குறையும், காப்பி கூடும்.

திருத்தும்_பேனா:
விடைத்தாள் திருத்துகிற பக்கத்திலிருந்து இரண்டு விஷயம். "சராசரி" என்ற சொல்லைப் பார்த்ததும் பேனா நிற்கும். இங்கே நிகழ்தகவே கிடையாது. எந்த n சேர்ப்பை எடுத்தாலும் 3n-ஐத் தாண்டாது என்பது உறுதி.

இன்னொன்று, பொட்டன்ஷியல் முறையில், அதாவது கையில் சேர்ந்திருக்கும் காசை Φ என்ற ஓர் எண்ணாக வைத்து, எழுதுபவர்கள் Φ = 2 × உறுப்புகள் − கெபாசிட்டி என்று போடுகிறார்கள். காலி அரே, கெபாசிட்டி 1 என்று தொடங்கினால் Φ = −1. எதிர்மறை ஆனால் நிரூபணம் செல்லாது. நான் அங்கே 2 மார்க் குறைப்பேன்.

வரிசைக்காரர்:
இதை ஏற்க மாட்டேன் சார். முடிவில் உள்ள Φ தொடக்கத்தில் உள்ள Φ-ஐவிடக் குறையாமல் இருந்தால் போதும். அது எதிர்மறையாகவே இருக்கக் கூடாது என்பது வசதிக்காகப் போடும் நிபந்தனைதான். இங்கே −1 என்பது தொடக்கத்தில் மட்டும். ஒரு உறுப்பு வந்தவுடன் Φ 1 ஆகிவிடும், அப்புறம் அதற்குக் கீழே போகாது.

17 சேர்ப்பை வைத்துச் சரிபார்க்கலாம். எழுதியது 17, காப்பி 1 + 2 + 4 + 8 + 16 = 31, மொத்தம் 48. பொட்டன்ஷியல் வழியில்: ஒவ்வொரு சேர்ப்புக்கும் 3 வீதம் 51. தொடக்கம் −1. முடிவில் 17 உறுப்பு, கெபாசிட்டி 32, ஆகவே Φ = 2. வித்தியாசம் 3. 51 − 3 = 48. ஒரு காசு பிசகவில்லை.

திருத்தும்_பேனா:
எண்கள் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த −1-ஐக் கவனித்ததாகவே காட்டாமல் "Φ எப்போதும் 0-க்குக் குறையாது" என்று எழுதிவிட்டு மேலே போகிறவர்கள்தான் அதிகம். அந்த வாக்கியம் பொய். நீங்கள் சொன்னபடி விளக்கியிருந்தால் குறைக்க மாட்டேன், மறைத்தால் குறைப்பேன்.

கடைசி_பெஞ்ச்:
கெபாசிட்டி 0-ல தொடங்கினா Φ-யும் 0. தகராறே இல்லையே.

வரிசைக்காரர்:
0-ஐ இரட்டித்தாலும் 0 தானே! முதல் சேர்ப்புக்குத் தனியாக "1 ஆக்கு" என்று எழுத வேண்டும். அப்படி எழுதினால் முதல் சேர்ப்பின் அமார்டைஸ்டு செலவு 2, மற்றவை 3.

ஜாவா_மணி:
புது அரே எடுத்தவுடன் ஜாவா எல்லா இடத்திலும் 0 அல்லது null நிரப்பும். அந்தச் செலவை ஏன் யாரும் கணக்கில் எடுக்கவில்லை?

வரிசைக்காரர்:
இது நல்ல கேள்வி. m-லிருந்து 2m-க்குப் போகையில் நிரப்புவது 2m, காப்பி m, ஆக 3m. அதைச் சுமப்பவை கடைசியாக வந்த m/2 உறுப்புகள். ஆளுக்கு 6, எழுத 1, ஆக 7. இன்னும் O(1) தான்.

செமஸ்டர்_பூனை:
அப்போ விடையில் 3 எழுதணுமா, 7 எழுதணுமா?

திருத்தும்_பேனா:
எதற்கெல்லாம் 1 செலவு என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் 3, 7 எதுவானாலும் மார்க் உண்டு. சொல்லாமல் 7 என்று வந்தால் நான் தேடித்தான் பார்க்கணும்.

வரிசைக்காரர்:
கேள்வியில் காப்பியை மட்டும் சொன்னால் 3 போதும். மணி சொன்னதை ஓரத்தில் எழுதினாலும் கூடுதல் மார்க் கிடைக்காது, நேரம்தான் வீண்.