ஃப்ளூயிட் இன்டெலிஜென்ஸ், கிறிஸ்டலைஸ்டு இன்டெலிஜென்ஸ்: தமிழ்ல என்ன? (வெள்ளிக்குள்ள வேணும்)

மீனா:
வணக்கம். வீட்டுல பெரியவங்கள பாத்துக்குற பணியாளர்களுக்கு ஒரு கையேடு மொழிபெயர்க்கிறேன். வயசானா எது குறையும், எது நிக்கும்னு ஒரு அத்தியாயம். இந்த ரெண்டு சொல்லுல மாட்டிக்கிட்டேன். பாய்ம நுண்ணறிவு, படிக நுண்ணறிவுன்னு போட்டு ரெண்டு பேர்கிட்ட படிக்க குடுத்தேன், ஒருத்தங்க "படிக்காத நுண்ணறிவா?"ன்னு கேட்டாங்க.

பரமசிவம்:
படிகம் தமிழ்தான். படி என்றால் அடியில் தங்குதல், படித்தலும் அதன் வழியே. படிந்த அறிவு, படித்த அறிவு, படிக அறிவு. இதைவிடப் பொருத்தம் என்ன வேண்டும்?

கதிரேசன்:
ஐயா, படிகம் ஸ்படிகத்துலேந்து வந்தது, பேரகராதியே அப்படித்தான் சொல்லுது. அத விடுங்க, முதல்ல பொருள பாப்போம். 1943-ல ரேமண்ட் கேட்டல்னு ஒரு உளவியலாளர் இத பிரிச்சார். முன்ன பாக்காத சிக்கல அங்கயே யோசிச்சு அவிழ்க்கிறது ஃப்ளூயிட், வாழ்க்கைல சேர்த்து வச்ச சொல்லு, தகவல், தொழில் பழக்கம் கிறிஸ்டலைஸ்டு. ஒரு சோதனை சொல்றேன். 1-லேந்து 9 வரை ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குறி, மேல அட்டவணை இருக்கும், கீழ எண்ணு மட்டும், 2 நிமிஷத்துல எத்தனை குறி போடுறீங்கன்னு கணக்கு. 25 வயசுக்காரர் சரசரன்னு போவார், 70 வயசுக்காரர் தப்பு பண்ணாமலே மெதுவா போவார். அதே ரெண்டு பேர்கிட்ட அருஞ்சொல்லுக்கு அர்த்தம் கேளுங்க, பெரும்பாலும் பெரியவர் ஜெயிப்பார். சொல்வளம் அறுபதுகள் வரைக்கும் கூட ஏறும், ரொம்ப முதுமையிலதான் இறங்கும்.

ஜெயா:
அப்போ 30 தாண்டினா எல்லாம் இறங்குமுகம்னு படிச்சேனே?

கதிரேசன்:
பாதி சரி. வேகம் இருபதுகள்லேந்தே இறங்குது. ஆனா எல்லாம் இறங்குற மாதிரி தெரியிறதுக்கு ஒரே நாள்ல 25 வயசுக்காரரையும் 70 வயசுக்காரரையும் ஒப்பிட்டதும் ஒரு காரணம், அந்த 70-க்கு பள்ளிக்கூடமே கம்மியா கிடைச்சிருக்கும். அமெரிக்காவுல சியாட்டில்ல ஷாயின்னு ஒரு உளவியலாளர் 1956-லேந்து அதே ஆட்களையே 7 வருஷத்துக்கு ஒருதடவை சோதிச்சார், பல திறமைகள் 60 வாக்குல வரை பெரிசா இறங்கல. இதுலயும் ஓட்டை உண்டு, திரும்பத் திரும்ப எழுதினா பழகிப்போகும், தளர்ந்தவங்க பாதில நின்னுடுவாங்க, அதனால படம் கொஞ்சம் அழகாவே தெரியும்.

நடராஜன்:
எனக்கு 71. குறுக்கெழுத்து இன்னும் நல்லாவே போடுறேன். ஆனா பேங்க் ஓடிபி வந்து, ஒரு ஸ்க்ரீன்ல பாத்து இன்னொண்ணுல அடிக்கிறதுக்குள்ள நேரம் முடிஞ்சிடுது. பக்கத்து வீட்டுக்காரர் பேரும் நாக்கு நுனில நிக்குது, ராத்திரி தோசை சாப்பிடும்போது வருது. இது டிமென்ஷியாவா?

கதிரேசன்:
சார், இந்த விவரத்த மட்டும் வச்சு சொன்னா, பேரு பிறகு தானா வருதுல்ல, அது பொதுவா வயசோட வேலை. ஓடிபியும் நான் சொன்ன அந்த குறி சோதனை மாதிரிதான், ஆறு எண்ண மனசுல பிடிச்சுக்கிட்டே வேகமா செய்யணும். பழகின தெருவுல வழி தப்புறது, செஞ்சுக்கிட்டிருந்த கணக்கு பிடிபடாம போறது, கேட்டதையே திரும்பக் கேட்டு கேட்டதே நினைவில்லாம போறது, இதெல்லாம் வேற. அது கூடிக்கிட்டே போனா டாக்டர்கிட்ட காட்டணும்.

பரமசிவம்:
தலைப்புக்கு வருவோம். சேர்ந்த அறிவுக்கு நம்மிடம் பழைய சொல் உள்ளது, முதுக்குறைவு. கோவலன் கண்ணகியை "சிறுமுதுக் குறைவி" என்கிறான், இளவயதில் பேரறிவு உடையவள் என்று.

மீனா:
ஐயா, அழகான சொல்லு, ஆனா முதுமைல எது குறையும்னு சொல்ற அத்தியாயத்துல, குறையாத ஒண்ணுக்கு "முதுக்குறைவு"ன்னு பேரு வச்சா என் கதி என்ன?

ஜெயா:
😀 "மூளை ஓட மாட்டேங்குது"ன்னு நாமளே சொல்றோமே. ஓடும் அறிவு. மத்தது மோர்ல வெண்ணெய் மாதிரி, திரண்ட அறிவு.

பரமசிவம்:
வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை நினைவிருக்கட்டும். ஓடும் அறிவு என்றால் தப்பி ஓடும் அறிவு என்றும் படிக்கலாமே.

நடராஜன்:
என்னுது அப்படித்தான் ஓடுது, சரியாத்தான் இருக்கு.

கதிரேசன்:
எனக்கு ஒரு குறை. திரண்டதுன்னா கேட்டதும் கைக்கு வரும்னு நினைப்பாங்க. அறிவு இருக்கும், எடுக்கத்தான் நேரமாகும், சாரோட தோசை மாதிரி. அத ஒரு வரி எழுதிடுங்க. வகுப்புல நான் பாய்மம்தான் சொல்லுவேன், பரீட்சைல அதான் வருது.

மீனா:
வெள்ளி வந்துடுச்சு. ஓடும் அறிவு, திரண்ட அறிவுன்னு போட்டு முதல் இடத்துல மட்டும் ஃப்ளூயிட், கிறிஸ்டலைஸ்டு சேர்த்து அனுப்பிட்டேன். தோசையும் உள்ள போயிடுச்சு, நடராஜன் சார் மன்னிக்கணும்.

பரமசிவம்:
என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். படிகம் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.