வாட்ஸ்அப்பில் இருந்ததை மெயிலுக்கு மாத்தினேன், கல்லாறுல வண்டி நின்னுச்சு

குன்னூர் ஹோம்ஸ்டே

புக்கிங் ஆனவங்களுக்கு அனுப்புற ஒன்பது மெசேஜை குவிக் ரிப்ளையா சேமிச்சு வெச்சிருக்கேன். நாலு வருஷமா அதுதான் ஓடுது. போன சீசன்ல சென்னையில இருந்து ஒரு ஆபீஸ் குரூப், 14 பேர். எல்லாம் மெயில்லதான் வேணும்னுட்டாங்க. நான் என்ன பண்ணேன், ஒன்பதையும் ஒன்பது மெயிலா, முதல் மெயிலுக்கே ரிப்ளை போட்டுப் போட்டு அனுப்பிட்டேன். ஒவ்வொண்ணுக்கும் மேல "வணக்கம் சார் 🙏", கீழ பேரு, போன் நம்பர், லோகோ. இ-பாஸ் பத்தினது ஆறாவது.

கிளம்பின அன்னைக்குக் காலைல கல்லாறு செக்போஸ்ட்ல இருந்து போன். "என்னங்க, பாஸ் கேக்குறாங்க, நீங்க சொல்லவே இல்லையே!" அனுப்பினேன் சார்ங்கிறேன். அவர் தேடுறார். பின்னாடி பஸ் ஹாரன் கேக்குது. "இதுல எல்லாமே வணக்கம் சார்னுதாங்க ஆரம்பிக்குது, எதைத் திறக்குறது?"ன்னார். அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு. அங்கேயே போன்ல பதிஞ்சு ஏறி வர முக்கால் மணி நேரம் ஆச்சு.

பூம்பாறைப் பூண்டு

உங்களுக்காவது முக்கால் மணி நேரம். எனக்குப் பணமே போச்சுங்க.

வியாபாரிகிட்ட ரேட் பேசினது முழுக்க வாட்ஸ்அப். அவங்க கணக்கு ஆபீஸ்ல மெயில் கேட்டாங்க. மெசேஜ் எல்லாத்தையும் தொட்டுத் தேர்ந்து, காப்பி பண்ணி ஒட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் முன்னால இப்படி வந்து நின்னுச்சு:

```
[14/02, 7:12 pm]
```

அது போகட்டும். நான் முதல்ல "கிலோ 320"ன்னு போட்டேன். அடுத்ததா "இருபது மூட்டை எடுத்தா 290". அவர் முதல் மெசேஜை இழுத்து அதுக்கு "ஓகே"ன்னு பதில் போட்டிருந்தார். காப்பி பண்ணா அந்த இழுத்த துண்டு வராது, வெறும் ஓகேதான் வரும். மெயில்ல அது 290க்கு நேர் கீழ உக்காந்துடுச்சு. எட்டு மூட்டைக்கும் 290 போட்டு செட்டில் பண்ணிட்டாங்க. கேட்டா, உங்க மெயில்தானேன்னு அதையே திருப்பிக் காட்டுறாங்க. அவங்க கண்ணுக்கு அப்படித்தானே தெரியும்.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர், உதகை

இருவர் பிழையும் ஒன்றே. கடிதத்திற்கு உரிய அமைப்பு மறந்துவிட்டது. விடுநர், பெறுநர், பொருள், மதிப்பிற்குரிய ஐயா, இறுதியில் இப்படிக்கு, இடம், நாள். 31 ஆண்டுகள் இதே அமைப்பில் எழுதினேன். ஒரு கோப்பும் "எதைத் திறப்பது" என்று கேட்டுத் திரும்பி வந்ததில்லை. மின்னஞ்சலும் கடிதமே. பொம்மைப் படங்களை நீக்குக.

கோத்தகிரி, முன்னாள் ரிசர்வேஷன்

ஐயா சொன்னதுல "பொருள்" நூத்துக்கு நூறு சரி. ஆனா விடுநர், பெறுநர் மெயில்ல ஏற்கெனவே தலையிலயே இருக்கு. அதைத் திரும்ப எழுதினா போன்ல திறக்குறவருக்கு முதல் திரை முழுக்க முகவரிதான் தெரியும், விஷயம் தெரியாது. இன்பாக்ஸ் பட்டியல்லயும் பொருளுக்குப் பக்கத்துல மெயிலோட முதல் சில வார்த்தைகள் எட்டிப் பாக்கும். அங்க "விடுநர்"னு இருந்தாலும் "வணக்கம் சார் 🙏"ன்னு இருந்தாலும் பலன் ஒண்ணுதான்.

குன்னூர் அக்கா, கேக்காமலே சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஓட்டல் ரிசர்வேஷன்ல 11 வருஷம் இருந்தேன். நீங்க மெசேஜுக்கு ஒரு மெயில்னு மாத்தினதுதான் சிக்கல். வாட்ஸ்அப்ல ஒரு துண்டு போடுறோம், அவர் பாத்துட்டாரான்னு நீல டிக் சொல்லுது, அடுத்த துண்டு போடுறோம். வணக்கமும் ஒரு தனித் துண்டு, கதவைத் தட்டுற மாதிரி. மெயிலை அவர் ராத்திரி ஒரு தடவை திறப்பார், அவ்வளவுதான். அதனால முதல்ல அந்த ஒன்பதையும் ஒரு பேப்பர்ல எழுதி, அவர் படிச்சுட்டு ஏதாவது செய்யணுமா, தெரிஞ்சா போதுமா, இல்ல அந்த நேரத்துக்கு மட்டுமான பேச்சான்னு பிரிங்க. என் கணக்குல புக்கிங் உறுதி, அட்வான்ஸ் வந்தது, செக்-இன் நேரம், சாப்பாடு கேட்டது எல்லாம் ஒரு மெயில். லொகேஷன், இ-பாஸ், பிளாஸ்டிக் பாட்டில் மூணும் ரெண்டு நாள் முன்னாடி இன்னொரு மெயில். "எங்க வந்துட்டீங்க?", "நல்லபடியா போய்ச் சேந்தீங்களா?" ரெண்டும் வாட்ஸ்அப்லயே கிடக்கட்டும், அதை மெயிலாக்கினா அபத்தம்.

அப்புறம் வார்த்தை வார்த்தையா தேடுங்க. "நாளைக்கு" இருந்தா தேதியும் கிழமையும் போடுங்க, ஏன்னா அதை அவர் என்னைக்குப் படிப்பார்னு உங்களுக்குத் தெரியாது. "கீழ 👇" இருந்தா லிங்கை அந்த வரியிலயே வைங்க. தடிமனாக்க நட்சத்திரக் குறி போட்டிருப்பீங்க, மெயில்ல அது \*இ-பாஸ்\*னு நட்சத்திரமாவே நிக்கும். "ஓகே"ன்னு எங்க வந்தாலும் எதுக்கு ஓகேன்னு முழு வாக்கியமா எழுதணும், நம்ம பூம்பாறை அண்ணனுக்கு ஆனது அதுதான். என்னோடதை இப்படி எழுதுவேன்:

> பொருள்: மே 17–19 தங்கல், 14 பேர்: கிளம்புமுன் இ-பாஸ் எடுக்கவும்
>
> வணக்கம்.
>
> மே 17 சனிக்கிழமை நீங்கள் மலையேறும் முன் வண்டிக்கு இ-பாஸ் எடுத்திருக்க வேண்டும். epass.tnega.org தளத்தில் வண்டி எண், ஆட்கள் எண்ணிக்கை, வரும் தேதி, போகும் தேதி கொடுத்தால் கிடைக்கும். கல்லாறில் கேட்பார்கள்.
>
> நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டு வாருங்கள், இங்கே நிரப்பிக்கொள்ளலாம்.
>
> இ-பாஸ் எடுத்ததும் இந்த மெயிலுக்கு ஒரு வரி பதில் போடுங்கள்.
>
> அன்புடன்,
> (பேர், வீட்டுப் பேர், போன் நம்பர்)

லொகேஷன் வரியை நீங்க சேத்துக்கோங்க. கையெழுத்து முதல் மெயில்ல முழுசா இருக்கட்டும். அதே தொடர்ல அடுத்தடுத்து பதில் போடும்போது பேரு மட்டும் போதும்.

கூடலூர்க்காரன்

ரெண்டு நாள் முன்னாடின்னா ரொம்ப லேட் அண்ணே. ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான்னு கணக்கு வந்துடுச்சு, அதுவும் மே மாசம் சனிக்கிழமை. முதல் மெயில்லயே இ-பாஸ் போகணும். நீங்க ஓட்டல்ல இருந்த காலத்துல பாஸே கிடையாதே. இப்ப இருக்குற இந்த இ-பாஸ் வந்ததே 2024 மே 7ல இருந்துதான்.

அப்புறம் ஐயாவை ரொம்ப ஓரங்கட்டாதீங்க. எங்க தோட்டத்துப் பாதை விஷயமா ஒரு அரசு ஆபீசுக்கு இப்படித்தான் சுருக்கமா "வணக்கம்"னு மெயில் போட்டேன், பதிலே இல்ல. நேர்ல போனா பிரிண்ட் எடுத்து வெச்சிருக்காங்க, தலைப்பு வெட்டுப்பட்டு யார் அனுப்பினதுன்னே பேப்பர்ல இல்ல. விடுநர், பெறுநர் போட்டு திரும்பக் கொடுத்தேன், வாங்கிக்கிட்டாங்க.

கோத்தகிரி, முன்னாள் ரிசர்வேஷன்

பாஸ் விஷயத்துல நீங்க சொல்றது சரி, முதல் மெயிலுக்கே போகட்டும். பிரிண்ட் எடுக்குற இடம்னா ஐயா சொன்ன மாதிரிதான் எழுதணும், அதை நான் யோசிக்கல.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர், உதகை

மகிழ்ச்சி. ஆயினும் மாதிரியில் வெறும் "வணக்கம்." என்று நிற்கிறதே, யாருக்கு வணக்கம்?

குன்னூர் ஹோம்ஸ்டே

ஐயா, அதுதான் எனக்கும் இடிக்குது. அந்த ஆபீஸ் முகவரில ஆள் பேரே இல்ல, அட்மின்னு மட்டும் இருக்கு. நான் ஒன்பது தடவை சார் போட்டேன், செக்போஸ்ட்ல இருந்து பேசினவரும் ஆம்பளைதான். வந்து இறங்கின அப்புறம்தான் தெரிஞ்சது, மெயிலைப் பாத்துக்கிட்டது ஒரு அம்மா. "நான் சார் இல்லைங்க"ன்னு சிரிச்சாங்க. இப்போதைக்கு "வணக்கம்"னு மட்டும் போடுறேன், வெடுக்குன்னுதான் இருக்கு.

ஒன்பதை ரெண்டாக்கி, பாஸை முதல் மெயிலுக்குக் கொண்டுபோய் நேத்து ஒருத்தருக்கு அனுப்பினேன். பாஸ் எடுத்துட்டு பதில் போடச் சொன்னேன்ல, வாட்ஸ்அப்ல வந்து 👍 போட்டிருக்கார். எதுக்குன்னுதான் தெரியல.