போர்ட்டில 1974, சேர்டிபிக்கட்டில 2018. எதை எழுதுறது?

சுன்னாகத்தான்
வணக்கம். எங்கட நல்லெண்ணெய் மில் போர்ட்டிலயும் போத்தில் லேபிளிலயும் "1974 முதல்" எண்டுதான் கிடக்கு, அப்பா ஒரு செக்கோட துவங்கினவர். கொழும்பில ஒரு சுப்பர்மார்க்கெட்டுக்கு சப்ளை செய்ய போர்ம் நிரப்பேக்க "நிறுவப்பட்ட திகதி" எண்ட இடத்தில 1974 எண்டு எழுதினன், பைல் திரும்பி வந்திட்டுது, "2018 எல்லோ?" எண்டு சிவப்புப் பேனையால வட்டம் வேற. நானும் அண்ணையும் பிரைவேட் லிமிட்டெட் ஆக்கினது 2018 இலதான், அது உண்மை. ஆனா 10,000 லேபிள் அடிச்சு வச்சிருக்கிறம். நாங்கள் பொய் சொல்லுறமோ?

வடமராட்சிப் பெடியன்
அண்ணை, 2007 இல புதுக் கம்பனிச் சட்டம் வந்து எல்லாரும் திரும்பப் பதிஞ்சவை, பி.வி. எண்டு புது நம்பரும் குடுத்தவங்கள். அதாலதான் திகதி மாறியிருக்கும், பழசைக் காட்டினாச் சரி.

கொக்குவில் கணக்கர்
தம்பி சொல்லுறதில பாதி சரி. அப்ப மாறினது நம்பர்தான், பழைய கொம்பனியளின்ர இன்கோர்ப்பரேஷன் திகதி பழசாவேதான் இருக்கு. ஆனா இவை பதிஞ்சதே 2018 இல, அந்தக் கதைக்கு இஞ்ச வேலையில்லை.

சுன்னாகத்தார், கொம்பனி எண்டது நீங்களும் இல்லை அப்பாவும் இல்லை, சட்டத்துக்கு அது தனி ஆள். அந்த ஆள் வந்தது 2018 இல. 1974 இல எண்ணெய் ஆட்டினது அப்பா எண்ட ஆள். வியாபாரம் ஒண்டுதான், அதை நடத்தின ஆக்கள் ரெண்டு. ஆஸ்பத்திரி றோட்டில கார்கில்ஸ் நிக்குதெல்லே, அவையும் 1844 எண்டுதான் சொல்லுறவை, இப்ப இருக்கிற கார்கில்ஸ் சிலோன் கொம்பனி பதிஞ்சது 1946 இல. ரெண்டும் உண்மைதான்.

போர்மில சேர்டிபிக்கட் திகதியைப் போடுங்கோ. அதுக்குக் கீழ "வியாபாரம் 1974 இல் தனி உரிமையாளரால் ஆரம்பிக்கப்பட்டது" எண்டு ஒரு வரி எழுதுங்கோ. லேபிளில பிராண்ட் பேருக்குக் கீழ 1974 நிண்டாப் பிரச்சினையில்லை, பிரைவேட் லிமிட்டெட் எண்ட பேரோட ஒட்டி "1974 இல் நிறுவப்பட்டது" எண்டு போட்டாத்தான் பிழை. அப்பான்ர பழைய வியாபாரப் பதிவு, அதான் பி.ஆர்., கிடக்கோ?

மானிப்பாய் அக்கா
எனக்கும் உதே பிரச்சினைதான், சேர்டிபிக்கட்டில என்ர பேரில ஒரு எழுத்துப் பிழை, திருத்த எத்தினை நாள் எடுக்கும்?

கொக்குவில் கணக்கர்
அது வேற விசயம் பிள்ளை, தனியாக் கேளுங்கோ. இவையின்ர சேர்டிபிக்கட்டில பிழையே இல்லை.

சுன்னாகத்தான்
பி.ஆர். கிடக்கு ஐயா, 1981 இல எடுத்தது. 95 இடப்பெயர்வில சாவகச்சேரிக்கு அம்மா சூட்கேசுக்க வச்சுக் கொண்டு போனதால தப்பிச்சுது. அது இன்னும் அப்பான்ர பேரிலதான், மில் கரண்ட் பில்லும் அப்பிடித்தான்.

கொக்குவில் கணக்கர்
அங்கதான் விசயம் கிடக்கு. நீங்கள் கொம்பனியைப் பதிஞ்சியள், ஆனா அப்பான்ர வியாபாரத்தை அதுக்குக் குடுக்கேல்லை. கடதாசிப்படி பாத்தா அப்பா இன்னும் தனிய மில் நடத்துறார், பக்கத்தில 2018 கொம்பனி எண்டு வேற ஒண்டு நிக்குது. பிறகெப்பிடி 1974 எங்கட எண்டு கேக்கிறது? லோயரைப் பிடிச்சு மெஷின், ஸ்டொக், பிராண்ட் பேர், வியாபாரத்தின்ர நன்மதிப்பு எல்லாத்தையும் கொம்பனிக்குக் கைமாத்தி ஒப்பந்தம் எழுதுங்கோ. எழுதுற அண்டைத் திகதிதான் போடவேணும், 2018 எண்டு பின்னுக்குத் தள்ளிப் போட்டா அதுதான் உண்மையான பொய். பிறகு டி.எஸ். ஒபிஸில பி.ஆரை நிப்பாட்ட அறிவியுங்கோ. ஒடிட் கணக்கு, ஈ.பி.எஃப். நம்பர் எல்லாம் எப்பிடியும் கொம்பனி திகதிக்குப் பிறகுதான் நிக்கும், அதை ஒருத்தரும் 1974 க்கு இழுக்கேலாது.

வடமராட்சிப் பெடியன்
இடம்பெயர்ந்து மில் பூட்டிக் கிடந்த காலத்தை என்ன செய்யிறது? தொடர்ச்சி அறுந்ததெண்டு டெண்டர்க்காரர் சொன்னா?

கொக்குவில் கணக்கர்
போர்ட்டுக்கு அது பெரிசில்லை, அதே குடும்பம், அதே பேர், திரும்பி வந்து அதே செக்கு. டெண்டரில "கம்பனிக்கு 10 வருச அனுபவம்" எண்டு கேட்டா, அப்பான்ர வருசங்களை எடுப்பினமோ இல்லையோ எண்டது அந்தக் குழுவின்ர கையில. முதலே எழுத்தில கேட்டுப்போடுங்கோ.

சுன்னாகத்தார், பி.ஆரில "வியாபாரம் ஆரம்பித்த திகதி" எண்டு தனிக் கட்டம் இருக்கும். பதிஞ்ச திகதி வேற, அது வேற. பாத்துச் சொல்லுங்கோ.

சுன்னாகத்தான்
பாத்தன் ஐயா. 1975 தை மாசம் எண்டு கிடக்கு. அப்பாவைக் கேட்டா, செக்கு வாங்கினது 74 தீபாவளி முடிஞ்ச கையோட, முதல் எண்ணெய் ஆட்டினது தைப்பொங்கலுக்காம். அண்ணை லேபிளை மாத்த வேணும் எண்டுறார், அப்பா செக்குக்குக் காசு குடுத்த நாள்தான் துவக்கம் எண்டு விடுறாரில்லை. 10,000 லேபிளும் விறாந்தையில கிடக்கு.