ஃபில்டர் தின்ற மச்சம்: முகம் மாற்றும் முன் செல்ஃபியைப் பழையபடி ஆக்க முடியுமா?

சைக்கிள்கடை:
குறும்படத்தில் ஒரே ஒரு ஷாட் பாக்கி. நாயகன் வேலைக்கு தோஹா போய்விட்டான். டூப்பை வைத்து சைக்கிள் ஓட்டும் ஷாட்டை எடுத்துவிட்டோம், 9 விநாடி. அவன் சம்மதத்தோடுதான் முகத்தை மாற்றப் போகிறேன், `inswapper_128.onnx` மாடலை வைத்து. அவன் அனுப்பிய செல்ஃபி எல்லாம் பியூட்டி மோடு. கன்னம் மெழுகு மாதிரி இருக்கிறது, இடது கன்னத்து மச்சத்தையே காணோம். ஸ்வாப் செய்யும் முன் இதை எப்படிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது?

ஆல்பம்மணி:
இதெல்லாம் ஒரு விஷயமா தம்பி. செல்ஃபியை `GFPGAN`-ல் ஒரு ஓட்டு ஓட்டு, ஷார்ப்பன் கொடு, மேலே லேசாக கிரெய்ன் தூவு. தோல் துளை, மச்சம் எல்லாம் திரும்பி வந்துவிடும். அப்புறம் ஸ்வாப் செய்தால் தோல் அச்சு அசலாக இருக்கும். 15 வருடமாகக் கல்யாண ஆல்பம் போடுகிறேன், எத்தனை மெழுகு முகத்தைப் பார்த்திருப்பேன்.

ராத்திரிரெண்டர்:
"மச்சம் திரும்பி வந்துவிடும்" என்று எழுதியதைப் படித்துவிட்டுத் தூக்கம் போய்விட்டது. மணி அண்ணே, எங்கிருந்து வரும்? ஃபில்டர் அந்த இடத்தைச் சுற்றியுள்ள தோல் நிறத்தோடு குழைத்துவிட்டது, அந்த ஃபைலில் மச்சம் என்ற தகவலே இல்லை. `GFPGAN` என்பது மங்கிய முகத்தைத் தெளிவாக்க 2021-ல் வந்த கருவி, அது பார்த்துப் பழகியது இணையத்திலிருந்து சேர்த்த 70,000 முகப் படங்களை. மெழுகுக் கன்னத்தைக் கொடுத்தால் பொதுவாக ஒரு கன்னம் எப்படி இருக்குமோ அப்படி ஒன்றை வரைந்து கொடுக்கும். அது வைக்கும் துளை இந்தப் பையனுடையது இல்லை, யாருடையதும் இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம், தம்பி சொல்லும் மாடலுக்கு செல்ஃபியின் தோல் தேவையே இல்லை. செல்ஃபியிலிருந்து முகத்தை மட்டும் வெட்டி 112க்கு 112 பிக்சலாகச் சுருக்கி, அதிலிருந்து 512 எண்களை எடுத்துக்கொள்ளும். செல்ஃபியின் வேலை அத்தோடு முடிந்தது. அந்த எண்களையும் டூப்பின் முகத்தையும் வைத்து 128 பிக்சல் கட்டத்துக்குள் புது முகம் வரைகிறது. மனிதன் முகம் ஏறக்குறைய 14 செ.மீ. அகலம், அந்தக் கட்டத்தில் அது 100 பிக்சல் சொச்சம். 2 மி.மீ. மச்சம் அதில் ஒன்றரை பிக்சல். ஃபில்டரே போடாத படம் கொடுத்தாலும் மச்சம் வராது.

ஆல்பம்மணி:
ஒன்றரை பிக்சல் என்றாலும் பிக்சல்தானே? இருக்கிறது என்று நீயே சொல்கிறாய், அப்புறம் வராது என்கிறாய். நான் போன மாதம் ஒரு மாப்பிள்ளை படத்தை `GFPGAN`-ல் போட்டேன், மச்சம் பளிச்சென்று வந்தது.

ராத்திரிரெண்டர்:
அந்தப் படத்தில் மச்சம் மங்கலாகவாவது இருந்திருக்கும் அண்ணே. மங்கியதைத் தூக்கிக் காட்டுவது வேறு, அழிந்ததை வரவழைப்பது வேறு.

ஆல்பம்மணி:
வந்ததா இல்லையா? வந்தது. அவ்வளவுதான்.

பழையலென்ஸ்:
ரெண்டர் சொல்வதை அப்படியே விழுங்காதீர்கள். "செல்ஃபியின் தோல் தேவையில்லை" என்பதைக் கேட்டுத்தான் நான் கெட்டேன். `DeepFaceLab`-ல் நண்பன் ஒருவனின் வீடியோ காலிலிருந்து 3,000 சொச்சம் பிரேம் எடுத்து ஐந்து நாள் ட்ரெயினிங் ஓட்டினேன். அத்தனையும் பியூட்டி மோடு போட்ட முன்பக்கக் கேமரா. முடிவு? ஜவுளிக்கடை பொம்மை. மாடல் அந்த மெழுகையே தோல் என்று கற்றுக்கொண்டது. மூலப்படத்தில் தோல் முக்கியம், முக்கியம், முக்கியம்.

ராத்திரிரெண்டர்:
அது வேறு பாதை. `DeepFaceLab` ஒரே ஆளின் ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்து அந்தத் தோலையே வரையக் கற்கும், அங்கே நீங்கள் சொல்வது சரி, கொடுத்ததுதான் வரும். தம்பி கேட்டது ஒற்றைப் படத்தில் ஓடும் மாடல். 9 விநாடி ஷாட்டுக்கு யார் ஐந்து நாள் ட்ரெயினிங் ஓட்டுவது?

பழையலென்ஸ்:
தரம் வேண்டும் என்பவர்கள் ஓட்டுவார்கள். போன தடவை சவுண்டு விவாதத்திலும் இப்படித்தான், நான் சொன்னது சரி என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு ஒன்பது வரியில் தட்டிக்கழித்தீர்கள்.

செட்டிநாட்டுக்காரி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் பெண்ணுக்கு வரன் பார்க்க எடுத்த படத்திலும் இதே ஃபில்டர்தான், நேரில் பார்த்துவிட்டு மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்துவிட்டார்கள். மணி சார் சொன்னதைப் போட்டால் அந்தப் படம் சரியாகுமா?

ஆல்பம்மணி:
கண்டிப்பாக ஆகும் அம்மா, அனுப்பி வையுங்கள்.

ராத்திரிரெண்டர்:
அம்மா, அதற்கு ஃபில்டரை அணைத்துவிட்டு இன்னொரு படம் எடுத்தால் போதும், காசும் மிச்சம்.

தம்பி, விஷயத்துக்கு வா. ஃபில்டர் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று தோலை மழுப்புவது, அதைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். இன்னொன்று கண்ணைப் பெரிதாக்கி, மூக்கை ஒடுக்கி, தாடையை இழுப்பது. ஸ்வாப்பைக் கெடுப்பது இந்த இரண்டாவதுதான், ஏனென்றால் அந்த 512 எண்கள் முகத்தின் அமைப்பிலிருந்துதான் பெரும்பாலும் வருகின்றன. இதில் தாடையைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதே, முக வரம்பு பெரும்பாலும் டூப்பினுடையதாகவே நிற்கும். கண்ணும் மூக்கும்தான் ஆளை மாற்றிவிடும்.

நீயே சோதித்துப் பார். நல்ல படம் ஒன்றை எடு, அதையே ஒருமுறை தோலை மட்டும் மழுப்பி, இன்னொருமுறை கண்ணைப் பெரிதாக்கிச் சேமி. பிறகு இரண்டிரண்டாக ஒப்பிடு:

```python
import cv2
from insightface.app import FaceAnalysis
app = FaceAnalysis(name="buffalo_l")
app.prepare(ctx_id=0, det_size=(640, 640))
def f(p): return app.get(cv2.imread(p))[0].normed_embedding
print(f("plain.jpg") @ f("smooth.jpg"))
print(f("plain.jpg") @ f("bigeyes.jpg"))
```

எண் 1-ஐ ஒட்டி வந்தால் மாடலின் கண்ணுக்கு இரண்டும் ஒரே முகம்.

சைக்கிள்கடை:
என் படத்தையே வைத்து ஓட்டினேன். தோலை மட்டும் மழுப்பியதற்கு 0.96. போனில் கண், மூக்கு, தாடை எல்லாவற்றையும் கடைசி வரை இழுத்ததற்கு 0.81. ஆச்சரியம்தான். ஆனால் அவன் செல்ஃபியில் கண்ணை இழுத்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? ஃபில்டர் இல்லாத படம் என்று ஒன்றுதான் இருக்கிறது, பூஜை அன்று எடுத்த குரூப் போட்டோ. அதில் அவன் முகம் 150 பிக்சல் அகலம்கூட வராது.

ராத்திரிரெண்டர்:
அதுதான் தங்கம். இரண்டிலும் கண்ணின் அகலத்தை ஓரத்திலிருந்து ஓரம் அள, அதை இரண்டு கருவிழி நடுக்களுக்கு உள்ள தூரத்தால் வகு. நேராகப் பார்க்கும் படமாக இருக்க வேண்டும், தலை திரும்பியிருந்தால் கணக்கு தப்பும்.

சைக்கிள்கடை:
செல்ஃபியில் 212க்கு 400, அதாவது 0.53. குரூப் போட்டோவில் 30க்கு 64, அதாவது 0.47.

ராத்திரிரெண்டர்:
அப்ப ஃபில்டர் கண்ணை எட்டில் ஒரு பங்கு அகலப்படுத்தியிருக்கிறது. சின்னப் படத்தில் ஒரு பிக்சல் முன்னே பின்னே அளந்திருந்தாலும் இந்த வித்தியாசம் மறையாது. போட்டோஷாப் லிக்விஃபையில் கண் அகலத்தை மட்டும் 0.47 வரும்வரை குறைக்கலாம். ஆனால் மூக்கை எவ்வளவு ஒடுக்கியது என்று உனக்குத் தெரியாது, கை நீளத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கு தானாகவே வேறு பெருத்துத் தெரியும். ஆகவே செல்ஃபியைத் திருத்தும் வேலையை விட்டுவிட்டு குரூப் போட்டோவையே மூலப்படமாகக் கொடு. மாடலுக்கு வேண்டியது 112 பிக்சல், உன்னிடம் அதற்கு மேலேயே இருக்கிறது. 4,000 பிக்சல் பொய்யைவிட இது மேல்.

இன்னொன்று, ஸ்வாப் முடிந்த பிறகு தோல் மெழுகாக வந்தால் செல்ஃபியைக் குறை சொல்லாதே. 128 பிக்சல் முகத்தைப் பெரிதாக்கி, அதன் மேல் `GFPGAN`-ஐ முழு அளவில் ஓட்டுவதால் வரும் மெழுகு அது. அது ஓட்டிய முகத்தையும் ஓட்டாத முகத்தையும் பாதிக்குப் பாதி கலந்துவிட்டு, உன் ஷாட்டில் இருக்கும் கிரெய்னைப் பார்த்து அதே அளவு மேலே போடு. கிரெய்ன் கடைசியில் வர வேண்டியது, மணி அண்ணன் சொன்னதுபோல் முதலில் இல்லை.

ஆல்பம்மணி:
பார்த்தாயா, `GFPGAN`-உம் வேண்டும், கிரெய்னும் வேண்டும். நான் சொன்னதைத்தான் இவரும் சொல்கிறார், வரிசையை மாற்றிப்போட்டுப் பெயர் வாங்குகிறார்.

பழையலென்ஸ்:
குரூப் போட்டோவாம். 150 பிக்சல் முகத்தை வைத்து சினிமா.

சைக்கிள்கடை:
சரி, மச்சத்துக்கு என்ன வழி? முந்தைய ஷாட்டுகளில் எல்லாம் மச்சம் தெரிகிறது. டூப்பின் கன்னத்தில் மை பென்சிலால் ஒரு புள்ளி வைத்துதான் எடுத்தோம்.

ராத்திரிரெண்டர்:
அந்தப் புள்ளி நிற்காது, கட்டத்துக்குள் இருக்கும் முகத்தை மாடல் முழுதாக மறுபடி வரைகிறது. ஆனால் வைத்தது வீணில்லை. அசல் ஷாட்டில் அந்தப் புள்ளியை ட்ராக் செய், அதே நகர்வை எடுத்து ஸ்வாப் செய்த முகத்தின் மேல் முந்தைய ஷாட்டிலிருந்து வெட்டிய மச்சத்தை ஒட்டு. 24 பிரேம் கணக்கில் 216 பிரேம். முகம் திரும்பும் இடத்தில் ட்ராக் நழுவும், அங்கே நாலைந்து பிரேமைக் கையால் நகர்த்த வேண்டியிருக்கும்.

ஆல்பம்மணி:
216 பிரேமில் மச்சம் ஒட்டுவாராம்! அதற்கு என் முறையில் மச்சம் தானாகவே வந்துவிடும்.

ராத்திரிரெண்டர்:
வராது அண்ணே.

ஆல்பம்மணி:
மாப்பிள்ளைக்கு வந்தது.

பழையலென்ஸ்:
இந்த `inswapper` மாடலை ஆய்வுக்கு மட்டும், வணிகத்துக்கு இல்லை என்றுதான் வெளியிட்டிருக்கிறார்கள். மணி, நீங்கள் இதை வைத்து ஆல்பத்துக்குக் காசு வாங்குகிறீர்களா?

ஆல்பம்மணி:
நான் எந்த மாடலை வைத்து என்ன செய்கிறேன் என்று உமக்கு எதற்கு? ஐந்து நாள் ஓட்டி பொம்மை செய்தவர் எனக்குச் சட்டம் சொல்கிறார்.

சைக்கிள்கடை:
குரூப் போட்டோவில் ஓட்டிப் பார்த்தேன், ஆள் அவனாகவே தெரிகிறான், செல்ஃபியில் ஓட்டியதில் அவன் தம்பி மாதிரி இருந்தான். இருந்தாலும் மனசு கேட்காமல், பின்பக்கக் கேமராவில் ஒரு படம் எடுத்து டாக்குமெண்டாக அனுப்புடா என்று சொன்னேன். இப்போதுதான் வந்தது. அளந்து பார்த்தேன், 0.52. பின்பக்கத்திலும் பியூட்டியைப் போட்டு வைத்திருக்கிறான்.

ஆல்பம்மணி:
மச்சம் தெரிகிறதா?